புதுப்பிப்பு: கடிகாரக் கடைப் பலகை மாறியது

நான் கேட்டிருந்தது: “பலகையில் ‘கடிகாரங்கள் பழுது பார்த்து விற்க்கப்படும்’ என்று இருக்கிறது. மெய்ப்புத் திருத்துபவன் நான். மாற்றச் சொல்லி உரிமையாளருக்கு எப்படி எழுதுவது?”

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி, பலகைக்கு நிறம் சொன்னவருக்கும்! ‘ற்’ அடுத்து ‘க்’ வராது, ‘விற்கப்படும்’ என்று திருத்தினால் போதும் என்றார் ஒருவர். எழுத்து சரியாகும், பொருள் சரியாகாது. பிழையைப் பேசாதே, வாடிக்கையாளர் எப்படிப் படிப்பார் என்று எழுது என்றவரின் யோசனைதான் பலித்தது.

எழுதியது இது: “ஐயா, ‘பார்த்து’ என்பது இரண்டு வேலையையும் ஒரே கடிகாரத்தின் மேல் ஏற்றிவிடுகிறது. பழுது பார்க்கக் கொடுத்ததை நீங்கள் விற்றுவிடுவீர்கள் என்றல்லவா படிக்கிறது? ‘கடிகாரம் விற்பனை, பழுதுபார்ப்பு’ என்று பிரித்துவிடலாம்.”

படித்ததும் சிரித்துவிட்டார். அப்புறம்தான் எதிர்பாராதது. அவர் தயங்கியது இலக்கணத்துக்காக இல்லை. பலகை மாறினால் கடை கைமாறிவிட்டது என்று பழைய வாடிக்கையாளர்கள் நினைப்பார்களோ என்ற பயம். அதனால் கடைப் பெயரையும் எழுத்து வடிவத்தையும் தொடாமல் கீழ் வரியை மட்டும் மாற்றினோம். பக்கச் சுவரில் ‘விற்க்கப்படும்’ அப்படியே இருக்கிறது. அதற்கு இன்னும் மசியவில்லை.