ரிங்லெட் மேட்டில் காலியாகும் பேட்டரி: கடைக்காரர் சொன்ன 60 கிலோமீட்டர் எங்கே போனது?

தேயிலைப்பையன்:
என் மின்சைக்கிளில் 36 வோல்ட், 10.4 ஆம்பியர்-அவர் பேட்டரி, பின்சக்கரத்தில் 250 வாட் மோட்டார். 60 கிலோமீட்டர் ஓடும் என்று சொல்லித்தான் கடையில் விற்றார்கள். கேமரன் மலையில் ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தாவுக்கு, 13 கிலோமீட்டர்தான், மோட்டார் உதவியை ஐந்தாம் நிலையில் வைத்து ஏறினேன். மேலே போய்ச் சேர்ந்தபோது பேட்டரி அளவு காட்டும் ஐந்து கட்டத்தில் ஒன்றுதான் மிச்சம். நான் 88 கிலோ. பேட்டரி கெட்டுவிட்டதா, ஏமாந்துவிட்டேனா?

செம்பனைக்காட்டான்:
ஏமாந்துட்டீங்க தம்பி. என்னிடமும் அதே அளவு பேட்டரிதான், சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்துச் சாலையில் 40 கிலோமீட்டருக்குக் குறையாது. 13-லேயே முடிந்தால் அது பழைய செல் போட்ட பேட்டரி. திருப்பிக் கொடுத்துடுங்க.

சாந்தி_தாப்பா:
பேட்டரி இல்லை, எடைதான் காரணம். என் தம்பி 65 கிலோ, அவனுக்கு நல்லாவே ஓடுது. இவர் 10 கிலோ இளைத்தால் போதும் லா.

பட்டறைக்காரன்:
செம்பனை அண்ணே, உங்கள் சாலையில் மேடு எங்கே இருக்கு? இந்தப் பாதையில் இடையில் இறங்கி ஏறுவதையும் சேர்த்தால் ஏறக்குறைய 350 மீட்டர் ஏற்றம். ஆள், சைக்கிள், பை எல்லாம் சேர்ந்து 120 கிலோ. அந்த எடையை அவ்வளவு உயரம் தூக்க மட்டுமே 114 வாட்-அவர் வேண்டும். டயர் உராய்வுக்கும் காற்றுக்கும் இன்னொரு 65. மொத்தம் கிட்டத்தட்ட 180. ஐந்தாம் நிலையில் கால் சும்மா சுற்றும், அவர் பங்கு 40 என்று வையுங்கள். மீதி 140-ஐ மோட்டார்தான் தர வேண்டும்.

இங்கேதான் சிக்கல். சக்கரத்துக்குள் இருக்கும் மோட்டாருக்கு கியர் மாற்றும் வசதி கிடையாது. செங்குத்தான இடத்தில் வேகம் 8, 10-க்கு இறங்கும்போது, இழுக்கும் மின்சாரத்தில் கணிசமான பங்கு சூடாகவே போகும். அதனால் 140 வாட்-அவர் வேலைக்குப் பேட்டரியிலிருந்து 200-க்கு மேல் போயிருக்கும். உங்கள் பேட்டரியில் 36-ஐ 10.4-ஆல் பெருக்கினால் மொத்தமே 374, நிஜத்தில் எடுக்க முடிவது 340 அளவு. மேலே போனதும் சக்கரத்தின் நடுப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாமல் சுட்டால் அதுதான் காரணம்.

எடை விஷயத்தில் சாந்தி சொல்வது பாதி சரி. மேட்டில் 15 கிலோ கூடினால் செலவு பத்து சதவீதத்துக்கு மேல் கூடும், சமதளத்தில் அதில் பாதிதான். ஆனால் இளைத்துப் போனாலும் இவருக்கு 60 கிலோமீட்டர் வராது.

குமரன்77:
மேட்டில் செலவானது இறக்கத்தில் திரும்ப ஏறிடுமே? என் மின் மோட்டார்சைக்கிளில் பிரேக் பிடித்தால் சார்ஜ் ஏறுது.

பட்டறைக்காரன்:
அது மோட்டார்சைக்கிள் தம்பி. இவரது 250 வாட் மோட்டார், மாற்ற முடியாத ஒரே கியரை உள்ளே வைத்த வகையாகத்தான் இருக்கும். இறக்கத்தில் அது கழன்று சும்மா சுற்றும், பேட்டரிக்கு ஒன்றும் திரும்பாது. லாபம் ஒன்றுதான், திரும்பும் வழியில் பெரும்பாலும் மோட்டாரே வேண்டாம்.

தேயிலைப்பையன்:
தொட்டுப் பார்த்தேன், கை வைக்கவே முடியல. இன்னொரு விஷயம், மேலே போய்க் கால்மணி நேரம் நின்றதும் ஒரு கட்டம் இரண்டாகிவிட்டது!

பட்டறைக்காரன்:
ஏறும்போது வோல்டேஜ் தற்காலிகமாகச் சரியும். அந்தக் கட்டங்கள் வோல்டேஜைப் பார்த்துத்தான் காட்டும், அதனால் மேட்டில் குறைவாகத் தெரியும். பேட்டரியைச் சோதிக்கணும்னா முழுதாகக் காலியானதும் சார்ஜரை யூனிட் காட்டும் மீட்டர் வழியாகச் செருகுங்கள். நிறையும்போது 0.4 யூனிட்டுக்குச் சற்று மேலே காட்டினால் பேட்டரி நலம். 0.3 என்றால் செம்பனை அண்ணன் சொன்னதுதான் சரி.

தேயிலைப்பையன்:
மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். மீட்டர் 0.42 காட்டியது. மூன்றாம் நிலையில் நானும் நன்றாக மிதித்தேன், மேலே போனபோது மூன்று கட்டம் மிச்சம். சட்டைதான் பிழியப் பிழிய நனைந்துவிட்டது, வேலைக்குப் போகிறவன் இப்படி வியர்க்க முடியுமா?

சாந்தி_தாப்பா:
இன்னொரு சட்டை எடுத்துட்டுப் போங்க, அதுவும் எடைதான் 😄

செம்பனைக்காட்டான்:
சரி, பேட்டரியைக் குறை சொன்னதை வாபஸ் வாங்கறேன். ஆனால் 60 என்று சொல்லி விற்றது?

பட்டறைக்காரன்:
முதல் நிலை, 65 கிலோ ஆள், சமதளம், நிதானமாக மிதித்தால் 60 வரும். கிலோமீட்டருக்கு 6 வாட்-அவருக்கும் குறைவு. பொய் என்று சொல்ல மாட்டேன்.

செம்பனைக்காட்டான்:
ரிங்லெட்டில் கடை போட்டுக்கொண்டு சமதளக் கணக்கில் விற்றால் எனக்கு அது பொய்தான்.

தேயிலைப்பையன்:
கடை ஈப்போவில் அண்ணே. அப்புறம், மிதி அச்சில் மோட்டார் வரும் வகை கியரோடு ஏறும் என்கிறார்களே, அதற்கு மாறலாமா, இல்லை இரண்டாவது பேட்டரி வாங்கலாமா?