மதியத் தலைவலியும் மறைந்த மாறுகண்ணும்: பென்சில் பயிற்சி எனக்கு எப்போது பலன் தந்தது

கோத்தகிரி கணக்காளர்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சை இலையின் எடைச் சீட்டுகளைப் பார்த்துப் பேரேட்டில் ஏற்றுவதும், அதையே கணினியில் பதிவதும் என் வேலை. இலை வரத்து மிகும் மாதங்களில் காலை முழுவதும் தலை நிமிர நேரம் இருக்காது. மதியம் மூன்று மணி வாக்கில் இரு புருவங்களுக்கும் மேலே ஒரு வலி தொடங்கும். வரிசை தவறி அடுத்தவர் எடையை எழுதிவிடுவேனோ என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு எழுதினால் வலி குறையும். விடுமுறை நாளில் வலியே இருக்காது.

பனிக்காற்று, சைனஸ், வயிற்றுப் பித்தம் என்று ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். கண்ணாடிக் கடையில் பார்வை சரியாக இருப்பதாகச் சொல்லி, வாசிப்பதற்காக மெல்லிய பவரில் ஒரு கண்ணாடி கொடுத்தார்கள். அதைப் போட்ட பிறகு எழுத்து பெரிதாகத் தெரிந்தது, ஆனால் வலி கூடியது.

கோயம்புத்தூரில் ஒரு கண் மருத்துவமனையில்தான் விடை கிடைத்தது. அங்கிருந்த பெண் ஒரு சிறிய எழுத்தைப் பார்க்கச் சொல்லி, என் கண்களை அட்டையால் மாற்றி மாற்றி மூடினார். மூடிய கண் வெளிப்பக்கமாக நழுவுகிறது, அட்டையை எடுத்ததும் உள்ளே திரும்புகிறது என்றார். கண்ணாடியில் பார்த்தால் என் கண்கள் நேராகத்தான் இருக்கும். வெளியே தெரியாத இந்த விலகலுக்கு மறைந்த மாறுகண் என்று பெயராம். அவற்றை நேராக நிறுத்திவைக்க மூளை நாள் முழுவதும் இழுத்துப் பிடிக்கிறது, அந்த உழைப்பே வலியாகிறது என்று விளக்கினார். ஒரு பேனா முனையை மூக்கை நோக்கிக் கொண்டுவந்தபோது, 18 செ.மீ. தூரத்திலேயே அது எனக்கு இரண்டாகத் தெரிந்தது. பெரும்பாலோருக்கு 6 அல்லது 7 செ.மீ. வரை ஒன்றாகவே தெரியுமாம்.

பென்சிலை வைத்துச் செய்யும் பயிற்சி கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் அந்தத் தூரம் 7 செ.மீ. ஆனது. மதிய வலி பெரும்பாலும் போய்விட்டது. இங்கே வேறு யாருக்காவது இப்படி நேர்ந்ததா?

உதகை நூலகர்

எனக்கும் இதே பயிற்சி தெரியும். பென்சிலைக் கை நீட்டும் தூரத்தில் பிடித்து, மூக்கு நுனி வரை கொண்டுவர வேண்டும். தினமும் காலையில் செய்கிறேன். இரண்டாகத் தெரிந்தாலும் நிறுத்தாமல் மூக்கைத் தொடும் வரை போகிறேன். இதைத் தொடர்ந்தால் கண்ணாடியின் பவரும் குறையும் என்பது என் நம்பிக்கை. ஆனால் தலைவலி இன்னும் முழுதாக விடவில்லை.

குன்னூர் பாட்டி

எனக்கும் கண் தொந்தரவுதான் அம்மா. இடது கண்ணில் சதா நீர் வழிகிறது. காற்றில் நின்றால் கன்னம் வரை இறங்கும். கண்ணீர்க் குழாய் அடைப்பு என்றார்கள். இந்தப் பென்சில் பயிற்சி செய்தால் அடைப்பு திறக்குமா?

ஓய்வு பெற்ற ஆர்த்தாப்டிஸ்ட், வெலிங்டன்

இரு கண்களும் இணைந்து அசைவதைச் சோதித்துப் பயிற்சி கொடுப்பதுதான் என் வேலையாக இருந்தது. பாட்டி, உங்களுடையது வேறு விஷயம். கண்ணீர் மூக்குக்குள் இறங்கும் குழாய் அடைபட்டால் அந்தக் கண்ணில் நீர் வழியும், சில சமயம் பீளையும் கட்டும். கண்ணை அசைக்கும் தசைகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. குழாயில் நீர் செலுத்திச் சோதிப்பார்கள், தேவையானால் அறுவைச் சிகிச்சை உண்டு. பென்சில் உதவாது. படிக்கும்போது மட்டும் இரு கண்களிலும் நீர் கோத்தால்தான் தசைக் களைப்பையும் யோசிக்கலாம்.

நூலகர் ஐயாவுக்கு: பாதி சரியாகச் செய்கிறீர்கள். பவர் என்பது கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் பொறுத்தது. இந்தப் பயிற்சி அதை மாற்றாது. இது பயிற்றுவிப்பது இரு கண்களையும் ஒருசேர உள்ளே திருப்பும் திறனை மட்டுமே. ஆகவே பென்சில் இரண்டான இடத்தில் நிறுத்த வேண்டும். அங்கே நின்று, மறுபடி ஒன்றாக்க முயல வேண்டும். ஒன்றானால் இன்னும் சற்று அருகே வரலாம், ஆகாவிட்டால் சற்று பின்னே எடுத்து மீண்டும் தொடங்க வேண்டும். இரண்டாகத் தெரியும் நிலையிலேயே மூக்கு வரை கொண்டுபோனால் கண்கள் பிரிந்தே இருக்கின்றன, தசைக்கு வேலையே இல்லை.

இதைவிடப் பெரிய சிக்கல், பென்சில் இரண்டாகவே தெரியாதது. சிலருக்கு ஒரு கண் வெளியே நழுவியதும் மூளை அந்தக் கண்ணின் காட்சியை அணைத்துவிடும். அவர்கள் மூக்கு வரை ஒரே பென்சிலைப் பார்த்து, நன்றாகச் செய்கிறோம் என்று நினைப்பார்கள். சோதிக்க எளிய வழி இருக்கிறது. பென்சிலுக்குப் பின்னால் தூரத்தில் ஒரு ஜன்னல் கம்பியையோ சில்வர் ஓக் மரத்தையோ வைத்துக்கொள்ளுங்கள். பார்வை பென்சிலில் இருக்கும்போது, பின்னால் உள்ளது இரண்டாகத் தெரிய வேண்டும். ஒன்றாக மட்டும் தெரிந்தால் ஒரு கண் தூங்குகிறது என்று பொருள்.

கோத்தகிரி கணக்காளர்

எனக்கு நடந்தது அதுதான். முதல் சில வாரங்கள் வலது கண் விட்டு விட்டு அணைந்துபோகும். அதற்காக மணி கோத்த கயிறு கொடுத்தார்கள். ஒரு முனையை ஜன்னலில் கட்டி, மறுமுனையை மூக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். நடுமணியைப் பார்த்தால் ஒரே கயிறு இரண்டாகத் தெரிந்து, சரியாக அந்த மணியில் குறுக்கே வெட்டிக்கொள்ளும். ஒரு கயிறு மறைந்தால் எந்தக் கண் விட்டுவிட்டது என்று அப்போதே தெரிந்துவிடும், கண் சிமிட்டி அதை எழுப்பலாம். வெட்டும் இடம் மணிக்குப் பின்னால் போனால் கண்கள் போதிய அளவு உள்ளே திரும்பவில்லை என்று அர்த்தம். பென்சில் இவ்வளவையும் எனக்குச் சொல்லவில்லை.

காலையும் இரவும் ஐந்து நிமிடம் செய்வேன். முடித்ததும் எதிரே உள்ள மலையைப் பார்த்துக் கண்ணைத் தளர்த்த வேண்டும் என்று அழுத்திச் சொல்லியிருந்தார்கள். தொடக்கத்தில் பயிற்சிக்குப் பிறகு வலி கூடவே செய்தது. இரண்டு வாரம் வரை அப்படி இருக்கலாம் என்று முன்கூட்டியே சொன்னதால் விடாமல் தொடர்ந்தேன். அந்த வாசிப்புக் கண்ணாடி ஏன் வலியைக் கூட்டியது என்பதுதான் இன்னும் புரியவில்லை.

ஓய்வு பெற்ற ஆர்த்தாப்டிஸ்ட், வெலிங்டன்

கிட்டத்தில் எழுத்தைத் தெளிவாக்கக் கண் முயலும்போது, அந்த முயற்சியே கண்களைக் கொஞ்சம் உள்ளே திருப்பவும் உதவும். உங்கள் வாசிப்புக் கண்ணாடி போன்ற பிளஸ் கண்ணாடி தெளிவாக்கும் வேலையைத் தானே எடுத்துக்கொள்கிறது. அதோடு அந்த உதவியும் போய்விடுகிறது, கண்கள் இன்னும் வெளியே நழுவுகின்றன.

அருவங்காடு தந்தை

என் மகனுக்கு 12 வயது. படிக்க உட்கார்ந்தால் தலைவலி என்கிறான். வீட்டிலேயே பென்சில் பயிற்சி தொடங்கலாமா?

ஓய்வு பெற்ற ஆர்த்தாப்டிஸ்ட், வெலிங்டன்

முதலில் சொட்டு மருந்து விட்டுப் பவர் பார்க்கட்டும் தம்பி. குறை இருந்தால் கண்ணாடி போட்டாலே சிலருக்கு வலி போய்விடும். உங்கள் மகனுக்கும் கணக்காளரைப் போலக் கண்களை உள்ளே திருப்பும் திறன் குறைவு என்பது உறுதியானால், பென்சிலோடு மட்டும் நிற்காதீர்கள். அந்தத் திறன் குறைந்த 9 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம் அமெரிக்காவில் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், வாரம் ஒரு முறை மருத்துவமனைக்கு வந்து பயிற்சி எடுத்து, வீட்டிலும் செய்தவர்களில் 12 வாரத்தில் நூற்றுக்கு 73 பேருக்குப் பலன் தெரிந்தது. வீட்டில் பென்சில் மட்டும் செய்தவர்களில் 43 பேர். பயிற்சி என்று பெயருக்கு ஏதோ செய்யவைக்கப்பட்டவர்களிலேயே 35 பேர் தேறியிருந்தார்கள்.

காலையில் எழும்போதே வலி, வாந்தி, திடீரென்று எல்லாம் இரண்டாகத் தெரிவது, இமை தொங்குவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சி பேச்சே வேண்டாம், உடனே மருத்துவரிடம் போங்கள்.

கூடலூர் ஓட்டுநர்

எனக்கும் மறைந்த மாறுகண்தான், ஆனால் ஒரு கண் மேலே ஏறுகிறது. எத்தனையோ நாள் பயிற்சி செய்தும் அசையவில்லை. கடைசியில் கண்ணாடியில் ஒளியைத் திருப்பும் ப்ரிஸம் வைத்துக் கொடுத்தார்கள், வலி நின்றது. ஆகவே எல்லோருக்கும் பயிற்சி என்பதை ஏற்க மாட்டேன்.

ஓய்வு பெற்ற ஆர்த்தாப்டிஸ்ட், வெலிங்டன்

சரியாகச் சொன்னீர்கள். வெளிப்பக்கம் நழுவும் கண்தான் பயிற்சிக்கு நன்றாக இணங்கும். உள்பக்கம் நழுவினால் பலன் குறைவு, மேல்கீழ் விலகலுக்குப் பெரும்பாலும் ப்ரிஸம்தான்.

கோத்தகிரி கணக்காளர்

ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. பேரேட்டைத் தொடாத சில ஞாயிற்றுக்கிழமைகளிலும், பனி இறங்கும் நாளில் தலையின் ஒரு பக்கம் மட்டும் வலிக்கிறது. வெளிச்சம் பிடிப்பதில்லை. கயிற்றில் எல்லாம் சரியாகவே தெரிகிறது.

ஓய்வு பெற்ற ஆர்த்தாப்டிஸ்ட், வெலிங்டன்

அதைக் கண் தசையின் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஒற்றைத் தலைவலியும் கூடவே இருக்கலாம். எந்த நாளில், எத்தனை மணிக்கு, என்ன வேலைக்குப் பிறகு வந்தது என்று ஒரு மாதம் குறித்துவைத்து, அந்தத் தாளோடு பொது மருத்துவரைப் பாருங்கள்.