புதுப்பிப்பு: மே மாதச் சம்பளம், ஒரு வருடம் கழித்து

போன வருடம் கேட்டது: “ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன், மாதம் 14,000. மே மாதம் சம்பளம் கிடையாது. எப்படிச் சமாளிப்பது?”

காய்வது மே இல்லை, ஜூன்தான் என்று சொன்ன அண்ணனுக்கு நன்றி. ஏப்ரல் சம்பளம் மே முதல் வாரம் கைக்கு வந்துவிடும், அடுத்தது ஜூலையில்தான். ஃபீஸ், நோட்டு எல்லாம் நடுவில்.

ஜூலை முதல் மே வரை பதினொரு சம்பளத்திலும் 1,170 எடுத்து, ஏ.டி.எம். கார்டு வாங்காத தனிக் கணக்கில் போட்டேன். ஜூனில் 12,870 இருந்தது. மாதக்கடைக்குக் கடன் வைக்கவில்லை.

தபால் ஆபீஸ் ஆர்.டி. சொன்ன தம்பி, சேமிக்கச் சொன்னது சரி. ஆனால் அது ஐந்து வருடக் கணக்கு, ஜூனில் எடுக்க முடியாது. ஆக்டிங் டிரைவராகப் போகச் சொன்ன அக்கா, மூன்று கல்யாண ட்ரிப்தான் கிடைத்தது.

மே மாதம் ஆர்.டி.ஓ. ஆய்வுக்கு வேனைக் கொண்டுபோன இரண்டு நாளுக்குக் கூலி கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.