அம்மாவின் விரல் முட்டி வீங்கியிருக்கிறது. ஏறுகிற மோதிரம் அடியில் சுழல்கிறது, என்ன செய்யலாம்?

மாசிவீதி_மகள்:
அப்பாவுக்கு அடுத்த மாதம் மணிவிழா. அம்மாவுக்கு 22 காரட்டில் ஒற்றைக்கல் மோதிரம் செய்யக் கொடுத்தோம். அம்மாவுக்கு மூட்டுத் தேய்மானம், மோதிர விரலின் நடு முட்டி இரண்டு பக்கமும் புடைத்திருக்கும். நூல் சுற்றி அளந்ததில் விரல் அடி 54 மி.மீ., முட்டி 57. அதனால் 17ஆம் நம்பரில் செய்தார்கள். முட்டியைத் தாண்டவே இல்லை. துண்டு வைத்து 20 ஆக்கினார்கள். இப்போது ஏறுகிறது, ஆனால் கல் உள்ளங்கைப் பக்கம் திரும்பிவிடுகிறது. மாவு பிசையும்போது கல்லின் கம்பிக்காலில் மாவு அப்பிக்கொள்கிறது. காலையில் விரல் இறுகியிருப்பதால் 20ஆம் நம்பரே கொஞ்சம் பிடிக்கிறது. அந்தக் கடையில் "இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்று சொல்லிவிட்டார்கள். வேறு வழி உண்டா?

திருச்சி_சுமதி:
முதலில் பயப்படாதீங்க. சோப்புத் தண்ணி போட்டு, கையை மேலே தூக்கிப் பிடிச்சு, மோதிரத்துக்கு மேலேயிருந்து முட்டியைத் தாண்டுற வரைக்கும் நூலை நெருக்கமா சுத்துங்க. அடி நுனியை மோதிரத்துக்குள்ள விட்டு இழுத்துப் பிரிச்சுக்கிட்டே வந்தா மோதிரம் கழன்டுரும். எங்க மாமியாருக்கு இப்படித்தான் எடுத்தோம்.

மாசிவீதி_மகள்:
அக்கா, மாட்டிக்கொள்ளவில்லை. கழட்டுவது பிரச்சினையே இல்லை, போட்டால் நிற்க மாட்டேன் என்கிறது!

திருச்சி_சுமதி:
அட, சரியாப் படிக்கலை. அப்போ அடியில நூல் சுத்திருங்க, எங்க பாட்டி காலத்துல அதானே.

எழில்_77:
நூல் சுற்றினால் ஈரம் தங்கி விரல் அரிக்கும். மோதிரத்தின் உள்பக்கம் அடியில் இரண்டு சின்னப் பொன் குண்டு வைத்துப் பற்றவைக்கச் சொல்லுங்கள். என் மோதிரத்துக்கு அப்படித்தான் செய்தேன், அசையவே இல்லை. இல்லையென்றால் வளையத்தை நல்ல அகலமாகச் செய்யுங்கள், அகலமானது சுழலாது.

பட்டறைத்_தம்பி:
எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பத்தர் வேலை. எழில் சொன்ன குண்டு நல்ல வழிதான், ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. அகல வளையம் பற்றிச் சொன்னது மட்டும் சரியில்லை. அகலம் கூடினால் முட்டியைத் தாண்ட இன்னும் பெரிய நம்பர் வேண்டும், அடியில் வியர்வையும் தங்கும். இந்த அம்மாவுக்கு மூன்று மி.மீ. அகலமே போதும்.

முதலில் 17 ஏன் ஏறவில்லை என்று பார்ப்போம். நம்மூர் நம்பர் என்பது உள்சுற்றளவில் 40ஐக் கழித்தது. 57 என்றால் 17, கணக்கு சரிதான். ஆனால் தேய்மானத்தில் முட்டி பக்கவாட்டில்தான் புடைக்கிறது, மேலும் கீழும் அவ்வளவு இல்லை. நூல் அந்த நீள்வட்டத்தை ஒட்டிப் படுத்துவிடும். மோதிரமோ வட்டம், அது முட்டியின் அகலமான இடத்தைத் தாண்டியாக வேண்டும். அதனால் இப்படிப்பட்ட கைக்கு நூல் அளவு எப்போதும் குறைத்தே காட்டும். கடையில் கொத்தாக இருக்கும் அளவு வளையங்களைத்தான் போட்டுப் பார்க்க வேண்டும், அதையும் செய்யப்போகிற மோதிரத்தின் அகலத்திலேயே. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. முட்டியைச் சற்றே இறுக்கித் தாண்டும் வளையம் எது, அடியில் ஆடாமல் உட்காரும் வளையம் எது என்று இரண்டு நம்பரையும் தனித்தனியாகக் குறித்து வாருங்கள்.

மாசிவீதி_மகள்:
போய்ப் பார்த்துவிட்டு வந்தோம் அண்ணே. முட்டி சாயங்காலம் 19, காலையில் 20. அடி 15.

பட்டறைத்_தம்பி:
அப்படியானால் காலை நம்பரை எடுத்துக்கொண்டால் ஐந்து வித்தியாசம். இரண்டு மூன்று நம்பர் என்றால் குண்டு போதும், எழிலுக்கு அப்படித்தான் இருந்திருக்கும். ஐந்து நம்பர் இடைவெளியை நிரப்பும் அளவுக்குக் குண்டைப் பெரிதாக்கினால் கழட்டும்போது அதுவே முட்டியில் இடிக்கும்.

இங்கே நான் செய்வது உள்தகடு. வளையம் 20ஆகவே இருக்கும். உள்ளே அடிப்பகுதியில் மெல்லிய தகடு ஒன்று, நடுவில் மட்டும் பற்றவைத்து, இரண்டு நுனியும் உள்நோக்கி வளைந்து சும்மா நிற்கும். முட்டி வரும்போது நுனிகள் வளையத்தோடு ஒட்டிப் படுக்கும், தாண்டியதும் எழுந்து விரலைப் பிடிக்கும். தகடு 22 காரட்டாக இருக்கக் கூடாது. அது மெத்து, கொஞ்ச நாளில் படுத்தே கிடக்கும். 18 காரட்டில் தட்டி இறுக்கிய தகடு வேண்டும். பற்றவைக்கும்போது தகடு முழுக்கச் சூடேறினால் அந்த விறைப்பு போய்விடும். அதனால் லேசர் வெல்டிங் இருக்கிற இடத்தில் கொடுங்கள். வாங்கும்போது நுனியை நகத்தால் அழுத்திப் பாருங்கள். விட்டதும் எழ வேண்டும், அழுத்திய இடத்திலேயே நின்றால் வேலை சரியில்லை.

இன்னொன்று வளையத்தின் வடிவம். மேல்பாதி வட்டமாகவும் அடி தட்டையாகவும், இரண்டு மூலை வைத்தும் செய்யச் சொல்லுங்கள். விரலின் அடிச்சதை தட்டையாக இருப்பதால் மூலைகள் அதில் பதிந்து மோதிரத்தைத் திரும்ப விடாது. மூலைகளின் விளிம்பை உருட்டி அராவ வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்து விரலை அறுக்கும். கல்லைத் தாழ்வாக, சுற்றிலும் விளிம்பு வைத்துக் கட்டினால் மாவும் ஏறாது, தலைக்கனத்தில் கவிழ்வதும் குறையும். அடியில் கொஞ்சம் கனம் கூட்டினால் இன்னும் நல்லது.

எழில்_77:
வெளிநாட்டில் கீல் வைத்துத் திறந்து மூடும் மோதிரம் வருகிறதே? முட்டியைத் தாண்டவே வேண்டாமே.

பட்டறைத்_தம்பி:
உண்மைதான். வித்தியாசம் ஆறு ஏழு என்றால் அதைத்தான் சொல்வேன். ஆனால் கொக்கியை மற்றக் கையின் கட்டைவிரலால் அழுத்தித் திறக்க வேண்டும். அந்த விரலிலும் தேய்மானம் இருந்தால் அம்மா தினமும் யாரையாவது கூப்பிட வேண்டியிருக்கும். கடையில் அவரையே திறந்து மூடச் சொல்லுங்கள். கீலும் 18 காரட்டில்தான் நிற்கும், 22இல் ஊசி தேய்ந்து ஆடும்.

மாசிவீதி_மகள்:
கட்டைவிரல் அம்மாவுக்கு ரொம்ப மோசம். அப்போ தட்டை அடியும் உள்தகடும்தான். மறுபடி பொன்னை வெட்டி ஒட்ட மனசு வரவில்லை, முன்னாடியே தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா?

பட்டறைத்_தம்பி:
வெள்ளியில் அதே அகலத்தில் கல் இல்லாமல் ஒரு வளையம் செய்துகொள்ளுங்கள். தட்டை அடி, 20. மோதிர அளவு பார்க்கும் வட்டக் கட்டையில் இதை அளக்க முடியாது, விரலில் போட்டுத்தான் தெரியும். தகடு இல்லாமலே ஒரு வாரம் போட்டு, துவைத்து, சமைத்துப் பார்க்கட்டும். திரும்பாமல் நின்றால் குண்டே போதும் என்று ஆகலாம்.

மாசிவீதி_மகள்:
வெள்ளி வளையம் போட்டாயிற்று. திரும்பவில்லை! ஆனால் கையைக் கீழே தொங்கவிட்டு உதறினால் முட்டி வரை நழுவுகிறது.

பட்டறைத்_தம்பி:
அப்போ தகடு வேண்டும்தான். மூலைகள் மோதிரம் திரும்புவதைத்தான் தடுக்கும், நழுவலைத் தடுக்காது. சில நாள் முட்டி சிவந்து சுடுகிற மாதிரி வீங்குமா?

மாசிவீதி_மகள்:
எப்போதாவது, மழைக்காலத்தில்.

பட்டறைத்_தம்பி:
அந்த நாளில் அளவு எடுத்து 21 வந்தால் 21க்கே செய்யுங்கள். கொஞ்சம் நீளத் தகடு வைத்தால் சமாளிக்கும் என்று நினைக்கிறேன், ஆறு நம்பர் இடைவெளிக்கு நான் செய்தது கொஞ்சம்தான். வீக்கம் வரும்போல இருந்தாலே மோதிரத்தைக் கழட்டி வைக்கச் சொல்லுங்கள்.

திருச்சி_சுமதி:
வீங்கி மாட்டிக்கிட்டா நான் சொன்ன நூல் வித்தை இருக்கு 😄 ஆனா தம்பி, உள்ள தகடு இருந்தா நூலை அடியில எப்படி விடுறது?

பட்டறைத்_தம்பி:
நல்ல கேள்வி அக்கா. மேல்பக்கம், கல்லுக்குக் கீழே விடலாம், தகடு அங்கே வராது. செய்து பார்த்ததில்லை.