புதுப்பிப்பு: சீட்டில 2.87, எனக்கு 2.90 வந்த கணக்கு

என்ர கேள்வி: “தங்கச்சிக்கு கம்பஸில முதல் செமஸ்டர் GPA 3.20, ரெண்டாவது 2.60. கூட்டி ரெண்டால பிரிச்சா 2.90, ரிசல்ட் சீட்டில 2.87. பிழையோ, மீள்திருத்தம் போடலாமோ?”

எல்லாருக்கும் நன்றி. கிளிநொச்சி அண்ணா சொன்னதுதான் சரி, ரெண்டு செமஸ்டருக்கும் கிரெடிட் ஒரே அளவில்ல, முதலாவது 15, மற்றது 18, அப்ப 3.20ஐ 15ஆல பெருக்க 48, 2.60ஐ 18ஆல பெருக்க 46.8, கூட்டினா 94.8, அதை 33ஆல பிரிச்சா 2.87, சீட்டில இருக்கிறது அச்சொட்டா அதுதான். இங்கிலீஷ் பாடம் GPA கணக்கில சேராததாலதான் குறையுது எண்டு வவுனியா அக்கா சொன்னா, அது சேராதது உண்மை, ஆனா இந்த வித்தியாசம் அதால இல்ல. ஏ எல் மீள்திருத்தக் கதை சொன்ன தம்பி, அது பரீட்சைத் திணைக்களம், கம்பஸுக்கு வேற வழியப்பா.

எதிர்பாராதது திகதிதான். C+ வந்த ஒரு பாடத்துக்கு மட்டும் மீள்திருத்தம் போடுவம் எண்டு பாத்தா, முடிவுத்திகதியை எண்ணுறது ரிசல்ட் நோட்டீஸ் போட்ட நாளில இருந்து, சீட்டு கைக்கு வந்த நாளில இருந்து இல்ல. நோட்டீஸின்ர அடியில சின்ன எழுத்தில கிடந்தது. கடைசி நாள் பின்னேரம் குடுத்தாச்சு, பதில் இன்னும் வரேல்ல.

ரிப்பீட் எடுத்தா பழைய கிரேட் சராசரியில நிக்குமோ போகுமோ எண்டதுக்கு ஆளுக்கொரு கதை சொல்லுறாங்கள், உங்கட பீடத்துக் கையேட்டைப் பாருங்கோ.