பிரான்மலை ஏற்றம் ரத்து: இந்தச் செய்தி சரியா, பார்த்துச் சொல்லுங்கள்

காரைக்குடியிலிருந்து ஞாயிறு பிரான்மலை ஏறப் பணம் கட்டியவர்களுக்கு இன்றிரவே அனுப்ப வேண்டும்:

"வணக்கம். சிவகங்கை மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை வந்திருப்பதால் பயணம் ரத்து. நனைந்த பாறையில் ஏறுவதைவிட இறங்கும்போதுதான் கால் வழுக்கும். உச்சி வெட்டவெளி, இடி இறங்கும்போது அங்கே நிற்பது ஆபத்து, மரத்தடியும் ஆபத்து. காலையில் வெயிலடித்தாலும் போக மாட்டோம், பாறை காய நேரமாகும். கட்டிய தொகை முழுதும் உங்கள் பெயரில் இருக்கும். தை, மாசியில் எந்தப் பயணத்திலும் கழித்துக்கொள்ளலாம், வேறொருவருக்கும் மாற்றித் தரலாம். பணமாகவே வேண்டுமென்றால் வேன் முன்பணம் போக மீதி வரும்."

கடைசி வரிதான் உறுத்துகிறது. ரத்து செய்தது நாங்கள். வேன் முன்பணத்தை அவர்கள் தலையில் கட்டுவது நியாயமா? வேன்காரர் தேதி மாற்றச் சம்மதித்தால் பிடித்தமே வேண்டாம். பயணம் நடத்தும் அண்ணன்மார், அக்காமார் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?