தரக்குறை என்று நெல்லை நிராகரித்து, இன்வாய்ஸ் பணத்தைத் தர மறுக்கும் ஆலைக்கு எவ்வாறு பதில் எழுதுவது?

தம்பலகாமம் வழங்குநர் (மார்ச் 15)

வணக்கம். நான் தம்பலகாமத்தில் பெரும்போக நெல்லை விவசாயிகளிடமிருந்து வாங்கி ஆலைகளுக்கு வழங்கி வருகிறேன். பொலன்னறுவைப் பக்கத்து ஆலையொன்றுடன் 10,000 கிலோ நாடு நெல்லுக்கு, கிலோ 120 ரூபாய் வீதம், ஈரப்பதன் 14 சதவீதத்தை விஞ்சக்கூடாது என்றும், பணம் 14 நாட்களுக்குள் தரப்பட வேண்டும் என்றும் வாட்ஸ்அப்பில் பேசி முடித்தோம். மார்ச் 3 ஆம் திகதி, 50 கிலோ மூட்டைகளாக 200 மூட்டைகள் இறங்கின. காவலாளி எண்ணிப் பார்த்து ஒப்பமிட்டார். அன்று எவரும் ஈரம் பார்க்கவில்லை.

மார்ச் 12 ஆம் திகதி முதலாளியிடமிருந்து சிங்களத்தில் ஒரு செய்தி வந்தது. நெல்லின் ஈரம் 16.5 என்றும், சில மூட்டைகளில் மணம் அடிக்கிறது என்றும், முழுவதையும் நிராகரிப்பதால் பணம் தர முடியாது என்றும், லொறியை அனுப்பி எடுத்துச் செல்லும்படியும் அதில் எழுதியிருந்தார். 12 இலட்சம் ரூபாயில் பெரும்பகுதி நான் விவசாயிகளுக்குக் கொடுக்க வேண்டிய பணம். ஏற்றுவதற்கு முன் களத்தில் நானே மானியில் பார்த்தபோது 13.8 காட்டியது. கோபத்தில் ஒரு பதில் எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் இன்னும் அனுப்பவில்லை. எப்படி எழுத வேண்டும் என்று அறிந்தவர்கள் கூறுங்கள்.

கிண்ணியா வர்த்தகர்

தம்பி, இதில் யோசிக்க எதுவும் இல்லை. பொருளை இறக்கி, எண்ணி, ஒப்பமும் வைத்த பிறகு அது அவருடைய பொருள். ஒன்பது நாள் கழித்து ஈரம் என்று சொல்ல அவருக்கு எந்த உரிமையும் கிடையாது. முழுப் பணத்தையும் ஏழு நாளில் தரவேண்டும், இல்லாவிட்டால் வழக்கு என்று ஒரே வரியில் எழுதி அனுப்புங்கள்.

நிலாவெளி மீன் விநியோகம்

எனக்கும் இதே அனுபவம் உண்டு. ஒரு விடுதிக்கு அறுக்குளா கொடுத்தேன். காலையில் வாங்கிக்கொண்டு, மாலையில் கெட்டுவிட்டது என்று சொல்லிப் பணத்தை நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு சமையலறை வாசலிலேயே செவுளைத் திறந்து காட்டி, பார்த்ததாக ஒப்பம் வாங்காமல் ஐஸ் பெட்டியை இறக்குவதில்லை. நீங்களும் உடனே லொறியை அனுப்பி நெல்லைத் திருப்பி எடுத்து வேறு ஆலைக்கு விற்றுவிடுங்கள். கையில் பொருள் இருந்தால் பாதிக் கவலை குறையும்.

ஓய்வுபெற்ற ஆலை முகாமையாளர், திருகோணமலை

லொறியை அனுப்ப வேண்டாம் என்று முதலில் கூறிவிடுகிறேன். மீனைப் பற்றித் தங்கை சொன்னது மீனுக்குச் சரி. ஒரு நாளைத் தாண்டாத பொருளில் வாசலிலேயே பார்ப்பதுதான் வழி. நெல்லின் விடயம் வேறு. நீங்கள் மறுப்பு எதுவும் எழுதாமல் நெல்லைத் திருப்பி எடுத்தால், அவருடைய நிராகரிப்பை நீங்கள் ஒப்புக்கொண்டதாகவே பின்னர் பேசப்படும். அந்த நெல் அவருடைய களஞ்சியத்தில் எப்படி அடுக்கப்பட்டிருந்தது என்ற சான்றும் அத்தோடு கலைந்துவிடும்.

அடுத்து உங்கள் 13.8 பற்றி ஒரு கேள்வி. அதை எந்த நேரத்தில் அளந்தீர்கள்? வெயிலில் காய்ந்து, படங்கில் சூடாகக் கிடக்கும் நெல்லை உடனே மானியில் போட்டால், மணியின் மேற்பகுதி காய்ந்தும் உட்பகுதி ஈரமாகவும் இருக்கும். மானி மேற்பகுதியைப் பார்த்துக் குறைவாகக் காட்டும். சில மணித்தியாலங்கள் குவித்து வைத்தால் உள்ளீரம் வெளியே பரவி, அதே நெல் ஒரு புள்ளி கூடக் காட்டுவதை ஆலையில் பலமுறை கண்டிருக்கிறேன். ஆகவே நீங்கள் பொய் சொல்லவில்லை, அவரும் முழுப் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு எழுதினால், பின்னர் தலைகுனிய வேண்டிவராது.

அவர் சொல்லும் 16.5 ஐயே உண்மையென்று வைத்துக் கணக்குப் பார்ப்போம். 10,000 கிலோவை 14 சதவீத ஈரத்திற்கு மாற்ற, உலர்ந்த பகுதியான 83.5 ஐ 86 ஆல் வகுத்துப் பெருக்க வேண்டும். 9,709 கிலோ வரும். குறைவது 291 கிலோ, அதாவது 34,920 ரூபாய். மீண்டும் உலர்த்தும் செலவையும் அதனோடு சேர்க்கலாம். இந்தத் தொகைக்கும் 12 இலட்சத்தை முழுதாக நிறுத்திவைப்பதற்கும் இடையே உள்ள தூரத்தைத்தான் உங்கள் கடிதம் அவருக்குக் காட்ட வேண்டும். ஆனால் மணம் அடிக்கும் மூட்டைகள் இந்தக் கணக்கில் அடங்கமாட்டா; சூடேறிய நெல்லில் அரிசி மஞ்சளாகும், அதை உலர்த்தி மீட்க முடியாது.

எல்லாவற்றையும் விட முக்கியமாக, அவர் இந்த ஒன்பது நாளில் ஒரு மூட்டையையாவது ஊறப்போட்டாரா என்று விசாரியுங்கள். ஆலையில் வேலை செய்பவர்களுக்கு அது தெரியும்.

தம்பலகாமம் வழங்குநர்

ஐயா, நீங்கள் கேட்டதும் லொறிச் சாரதி மூலம் விசாரித்தேன். மார்ச் 6 அல்லது 7 ஆம் திகதி 38 மூட்டைகளை ஊறவைத்து, அவித்து, குற்றியும் விட்டார்கள் என்று தெரியவந்தது. நான் அளந்தது பிற்பகல் மூன்று மணிக்கு, படங்கில் கிடந்த நெல்லைத்தான். அதை நினைக்க மனம் கனக்கிறது.

சட்டத்தரணி அலுவலக எழுதுநர்

அந்த 38 மூட்டைகள்தாம் உங்கள் பதிலின் முதுகெலும்பு. கிண்ணியா ஐயா சொன்னதில் பாதி சரி. பொருளைப் பெற்றுக்கொண்டதும் ஏற்றுக்கொண்டதும் சட்டத்தில் ஒன்றல்ல. காவலாளியின் ஒப்பம் 200 மூட்டைகள் வந்தன என்பதற்கு மட்டுமே சான்று. நியாயமான காலத்துக்குள் பரிசோதித்து நிராகரிக்கும் உரிமை அதன் பின்னும் கொள்வனவாளருக்கு இருக்கிறது. நமது நாட்டில் இதற்கு இன்றும் ஆதாரமாக இருப்பது 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம். ஆனால் பொருளைத் தம்முடையது போலப் பயன்படுத்திவிட்டால் அது ஏற்றுக்கொண்டதாகிவிடும். பகுதி பகுதியாகப் பிரிக்காத ஒரே ஒப்பந்தத்தில் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டாலும், எஞ்சியதை நிராகரிக்கும் உரிமை பொதுவாக இல்லாமற் போகும். அதன் பின் அவரிடம் மிஞ்சுவது, தரக்குறைவால் ஏற்பட்ட இழப்பை விலையிலிருந்து கழிக்கக் கோரும் உரிமைதான்.

ஆகவே, ஈரம் அதிகமில்லை என்று வாதாடுவதை விட, நிராகரிப்பை ஏற்கவில்லை, கழிவுக் கோரிக்கை இருந்தால் அளந்து பேசலாம் என்று எழுதுவதே உங்களுக்குப் பலம். எழுதும் விதத்தை ஓரளவு காட்டுகிறேன். உங்கள் விபரங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

"மார்ச் 3 ஆம் திகதி தங்கள் ஆலையில் இறக்கப்பட்ட 10,000 கிலோ நாடு நெல் தொடர்பாகத் தாங்கள் மார்ச் 12 ஆம் திகதி அனுப்பிய செய்தி கிடைத்தது. அந்நெல்லில் 38 மூட்டைகள் ஏற்கனவே அவித்துக் குற்றப்பட்டுள்ளதாக அறிகிறேன். ஆகவே நிராகரிப்பை என்னால் ஏற்க இயலாது. ஈரம் பார்க்கப்பட்ட திகதி, பயன்படுத்திய மானி, மாதிரி எடுத்த மூட்டைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை எழுத்தில் தாருங்கள். எஞ்சிய மூட்டைகளை அசைக்காமல் தனியே வைத்து, மூன்று நாட்களுக்குள் இருவரும் சேர்ந்து ஒரே மானியில் பரிசோதிக்க இடமளியுங்கள். பரிசோதனையில் குறை தெரிந்தால் அதற்குரிய கழிவைப் பேசத் தயாராக இருக்கிறேன். குறை சொல்லப்படாத பகுதியின் பணத்தை மார்ச் 17 ஆம் திகதிக்குள் செலுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். இக்கடிதம் எனது உரிமைகளுக்குப் பங்கமின்றி எழுதப்படுகிறது."

இதில் "மன்னிக்கவும்", "என் பிழை" போன்ற சொற்கள் வரக்கூடாது. பிற்பகலில் அளந்த கதையையும் எழுத வேண்டாம், ஆனால் கேட்டால் மறைக்கவும் வேண்டாம். பரிசோதனை முடியும் முன் வரவுக் குறிப்பு எதையும் வழங்காதீர்கள். வழங்கினால் அத்தொகையை ஒப்புக்கொண்டதாகிவிடும். தமிழ்ப் பிரதியோடு சிங்களப் பிரதியும் சேர்த்து வாட்ஸ்அப்பிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். இதுவரை நடந்த உரையாடலை அழிக்க வேண்டாம். ஈரமும் விலையும் தவணையும் பேசி முடித்ததற்கு அதுவே சான்று.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். விற்று ஒப்படைத்த பொருளின் விலையைக் கோரும் வழக்கை, கடன் செலுத்தப்பட வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் தொடர வேண்டும் என்று 1871 ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டம் கூறுகிறது. எழுத்திலான ஒப்பந்தம் இருந்தால் காலம் நீளும், ஆனால் வாட்ஸ்அப் உரையாடல் அவ்வகையில் சேருமா என்பதில் நம்பியிருக்க வேண்டாம். கோரிக்கைக் கடிதம் அனுப்புவதால் அந்த ஓராண்டு நின்றுவிடாது. "அடுத்த வாரம் பார்ப்போம்" என்று கேட்டுக்கேட்டு இதே மாதம் மறுவருடம் வந்து நின்றவர்களை எங்கள் அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன்.

கிண்ணியா வர்த்தகர்

பெற்றதும் ஏற்றதும் வேறு என்பதை இன்றுதான் அறிகிறேன். ஆனாலும் மூன்று நாள், ஏழு நாள் என்று காலம் குறிக்காமல் எழுதினால் பொலன்னறுவையில் எவரும் கடிதத்தைத் திறந்தும் பார்க்கமாட்டார்கள். அதில் நான் சொன்னதுதான் சரி.

ஓய்வுபெற்ற ஆலை முகாமையாளர், திருகோணமலை

பரிசோதனைக்குப் போகும்போது உங்கள் மானியையும் எடுத்துச் செல்லுங்கள். முதலில் ஒரே கைப்பிடி நெல்லை இரண்டு மானியிலும் போட்டு வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். வாசலில் இருக்கும் நான்கு மூட்டையில் மட்டும் குத்தூசியைப் போட விடாதீர்கள். அடுக்கின் மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலிருந்தும் எடுக்கச் செய்யுங்கள். மாதிரியை இரண்டாகப் பிரித்து, இருவரும் ஒப்பமிட்ட பையில் கட்டி, ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பலகாமம் வழங்குநர் (மார்ச் 22)

எல்லோருக்கும் நன்றி. கடிதம் 15 ஆம் திகதி இரவே சென்றது. முதலாளி முதலில் 38 மூட்டைகளை மறுத்தார். பின்னர் உமிக் குவியலையும் வேலையாட்களின் நாட்கணக்கையும் காட்டி கேட்டதும் ஒப்புக்கொண்டார். 20 ஆம் திகதி எஞ்சிய 162 மூட்டைகளை அடுக்கின் மூன்று மட்டத்திலும் பார்த்தோம். 142 மூட்டைகளின் சராசரி 15.2 ஆக இருந்தது. அவருடைய மானி என்னுடையதை விட அரைப் புள்ளி கூடக் காட்டியதால், இரண்டுக்கும் நடுவில் எடுத்தோம். அதாவது 7,100 கிலோவில் 99 கிலோ கழிந்து 11,880 ரூபாய் குறைகிறது. பயன்படுத்திய 38 மூட்டைகளுக்கு முழு விலை. ஆக 10,68,120 ரூபாய் தருவதாக எழுத்தில் தந்து, இன்று பாதியை வங்கியில் இட்டிருக்கிறார்.

மிச்சம் 20 மூட்டைகள். அவற்றில் ஈரம் 17 ஐத் தாண்டுகிறது, மணமும் அடிக்கிறது. அதற்குரிய 1,20,000 ரூபாயை அவர் தரமாட்டேன் என்கிறார். என் சாக்குகளில் ஏற்றும்போது மணம் இருக்கவில்லை என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆலை முகாமையாளர், திருகோணமலை

அந்த 20 மூட்டைகள் அடுக்கில் எங்கே இருந்தன? எல்லாம் தரையோடு ஒட்டிய அடிவரிசையிலோ சுவரோரத்திலோ இருந்திருந்தால், அடியில் பலகை போடாமல் அடுக்கியதால் சீமெந்துத் தரையிலிருந்து ஈரம் ஏறியிருக்கலாம். அப்போது பொறுப்பு அவருடையது. அடுக்கு முழுவதும் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறி இருந்திருந்தால், ஒரு விவசாயியிடமிருந்து வந்த உலராத நெல் உங்கள் சுமையில் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். மூட்டைகளை எடுப்பதற்கு முன் அவை இருக்கும் இடத்தைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு, பிறகு எழுதுங்கள்.

சட்டத்தரணி அலுவலக எழுதுநர்

எழுத்தில் தந்த ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். எஞ்சிய 20 மூட்டைகளையும் அவர் நிராகரிக்கவில்லை, விலையைத்தான் குறைக்கக் கேட்கிறார் என்ற நிலையில் நின்றே பேசுங்கள். கெட்ட நெல்லுக்கும் தீவனத்துக்கு ஒரு விலை உண்டு. பேச்சு முறிந்தால், இந்தச் சிறு தொகைக்கு முதலில் மத்தியஸ்த சபைக்குச் செல்ல வேண்டிவரும் என்பதால், அதற்கான நாட்களையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பலகாமம் வழங்குநர்

மூட்டைகள் இன்னும் அங்கேயே இருக்கின்றன. நாளைக் காலை போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்து இங்கே எழுதுகிறேன்.